‘வேர் இஸ் த ஸ்டேஷன்’ எப்போது ‘வேர் த ஸ்டேஷன் இஸ்’ ஆகிறது?

கேள்வி: “வேர் இஸ் த ஸ்டேஷன்?” என்று கேட்டால் சரி. ஆனால் “டூ யூ நோ வேர் இஸ் த ஸ்டேஷன்?” என்றால் தப்பு, “வேர் த ஸ்டேஷன் இஸ்” என்றுதான் வரணும் என்கிறார்கள். இரண்டும் கேள்விதானே, ஏன் மாறுது? ஆபீஸ் மெயிலில் இதையே திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். விதியை மனப்பாடம் செய்யாமல் சரியாக எழுத வழி இருக்கா?

பதில்:

ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்பதை எழுவாய்க்கு முன்னால் தூக்கி வைப்பது ஓர் அடையாளம். “இப்போது உங்களைக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்” என்பதை அந்த இடமாற்றம்தான் கேட்பவருக்குத் தெரிவிக்கிறது. “த ஸ்டேஷன் இஸ் ஓப்பன்” என்றால் செய்தி. “இஸ் த ஸ்டேஷன் ஓப்பன்” என்றால் கேள்வி. சொற்கள் அதேதான், வரிசை மட்டுமே மாறியிருக்கிறது.

இப்போது “டூ யூ நோ...” என்று தொடங்கும் வாக்கியத்தைப் பாருங்கள். இதில் கேட்கும் வேலையை ‘டூ யூ’ ஏற்கெனவே செய்துவிட்டது. ‘யூ’வுக்கு முன்னால் ‘டூ’ வந்ததே அந்த இடமாற்றம்தான். மீதியுள்ள ‘வேர் த ஸ்டேஷன் இஸ்’ என்ற பகுதி யாரையும் எதையும் கேட்கவில்லை. அது ‘நோ’ என்ற வினைக்குச் செயப்படுபொருள். “உங்களுக்கு அது தெரியுமா?” என்ற வாக்கியத்தில் ‘அது’ செய்யும் வேலையையே இது செய்கிறது. தமிழில் சொன்னால் ‘ஸ்டேஷன் இருக்கிற இடம்’ என்ற பெயர்த்தொடருக்குச் சமம். பெயர்த்தொடர் போல் நிற்பதற்குக் கேள்வி வரிசை எதற்கு?

“ஐ டோன்ட் நோ வேர் த ஸ்டேஷன் இஸ்” என்ற வாக்கியத்தில் இது இன்னும் தெளிவு. இங்கே கேள்வியே கிடையாது. எனக்குத் தெரியாது என்று தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான். அதனால் கடைசியில் முற்றுப்புள்ளி, கேள்விக்குறி இல்லை. “டூ யூ நோ வேர் த ஸ்டேஷன் இஸ்?” என்பதன் கடைசியில் வரும் கேள்விக்குறியும் ‘டூ யூ நோ’வுக்கு உரியது. “ப்ளீஸ் டெல் மீ வேர் த ஸ்டேஷன் இஸ்” என்பது வேண்டுகோள், அதற்கும் முற்றுப்புள்ளிதான். கேள்விக்குறி போடலாமா கூடாதா என்று குழம்பினால் வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். தொடக்கம் கேட்கிறதா, சொல்கிறதா என்பதே அதை முடிவு செய்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது ஏன் இவ்வளவு தடுக்கிறது என்பதற்கு நம் மொழியிலேயே காரணம் இருக்கிறது. “ஸ்டேஷன் எங்கே இருக்கு?” என்று கேட்கிறோம். பிறகு “ஸ்டேஷன் எங்கே இருக்குன்னு தெரியுமா?” என்று கேட்கிறோம். உள்ளே இருக்கும் பகுதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தமிழில் ‘எங்கே’ என்ற வினாச்சொல் வந்தாலே அது கேள்வி. சொல் வரிசைக்கு அங்கே வேலை இல்லை. அதை இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைக்க ‘என்று’ இருக்கிறது. யாரோ சொன்னதை, கேட்டதை, நினைத்ததை அப்படியே எடுத்து ‘என்று’ போட்டால் போதும். “நீ எப்ப வருவேன்னு அம்மா கேட்டாங்க” என்கிறோம். அம்மா சொன்ன ‘நீ’கூட ‘நான்’ ஆகாமல் அப்படியே நிற்கிறது.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது என்ன நடக்கிறது? ‘ஸ்டேஷன் எங்கே இருக்கு’ என்பதற்கு ‘வேர் இஸ் த ஸ்டேஷன்’ என்று பள்ளியில் படித்தோம். தமிழில் அந்தத் துண்டு மாறாமல் உள்ளே போவதால் ஆங்கிலத்திலும் அதே துண்டு மாறாமல் உள்ளே போய்விடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘என்று’ போல ஒரு சொல் கிடையாது. ‘வேர்’ என்ற வினாச்சொல்லே இரண்டு வாக்கியங்களையும் இணைக்கிறது. பிறர் கேள்வியை மேற்கோளாகத் தருவதில்லை என்பதால் வரிசை, காலம், ‘நீ–நான்’ எல்லாமே பேசுகிறவரின் கோணத்துக்கு மாறுகின்றன. “அவர் நீ எங்கே போறேன்னு கேட்டார்” என்பது “ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்” ஆகிறது. பள்ளியில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று தனிப் பாடமாகப் படித்ததும், இப்போது நாம் பேசிக்கொண்டிருப்பதும் ஒன்றுதான். பாடத்தில் ‘ஆஸ்க்ட்’ வரும் வாக்கியங்களை மட்டுமே மாற்றிப் பழகியதால், ‘டூ யூ நோ’, ‘லெட் மீ நோ’, ‘ஐ வொண்டர்’, ‘இட் டிபென்ட்ஸ் ஆன்’ ஆகியவற்றுக்குப் பின்னாலும் இதே மாற்றம் வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘வேர் த ஸ்டேஷன் இஸ்’ என்பது முடியாமல் தொங்குவது போலத் தோன்றுகிறது என்று பலர் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்: எங்கே, ஸ்டேஷன், இருக்கிறது. வினை கடைசியில் வருகிறது. இது நமக்கு மிகவும் பழகிய அமைப்பு. ‘வேர் இஸ் த ஸ்டேஷன்’ என்பதுதான் உண்மையில் நமக்கு அந்நியமான வரிசை. சின்ன வயதில் அதை முதலில் படித்ததால் அது இயல்பாகத் தெரிகிறது.

இனி வழி. கேள்வியை எடுத்து அதைத் திருப்பிப் போட முயலாதீர்கள். அதற்கு எந்தச் சொல் எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும், பேச்சின் நடுவில் அதற்கு நேரம் கிடையாது. அந்தக் கேள்விக்கு வரக்கூடிய பதிலிலிருந்து கட்டுங்கள்.

ஸ்டேஷன் எங்கே என்று கேட்டால் பதில் என்னவாக இருக்கும்? “த ஸ்டேஷன் இஸ் நியர் த டெம்பிள்.” கோயில் பக்கத்தில் இருக்கிறது. நமக்குத் தெரியாத பகுதி ‘நியர் த டெம்பிள்’. அதை எடுத்துவிட்டு அதற்குரிய வினாச்சொல் ‘வேர்’ என்பதை முன்னால் வையுங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். “வேர் த ஸ்டேஷன் இஸ்.” முடிந்தது. இதை “டூ யூ நோ”, “குட் யூ டெல் மீ”, “ஐ ஃபர்காட்” என்று எதற்குப் பின்னால் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

பதில் உண்மையாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொய்யாக ஒரு பதில் வைத்துக்கொண்டால் போதும். ஸ்டேஷன் கோயில் பக்கத்திலா, நிலாவிலா என்பதால் இலக்கணம் மாறாது.

இந்த வழியின் உண்மையான பலன் ‘இஸ்’ இருக்கும் வாக்கியங்களில் தெரியாது. ‘டூ, டஸ், டிட்’ வரும் கேள்விகளில்தான் தெரியும். பெரிய தவறுகள் நடப்பதும் அங்கேதான். “வாட் டைம் டஸ் த டிரெயின் லீவ்?” என்ற கேள்வியை “டூ யூ நோ” என்பதற்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். திருப்பிப் போட முயல்கிறவர்கள் மூன்று விதமாக எழுதுவதைப் பார்க்கலாம். சிலர் “வாட் டைம் டஸ் த டிரெயின் லீவ்” என்று அப்படியே விட்டுவிடுவார்கள். சிலர் “வாட் டைம் த டிரெயின் டஸ் லீவ்” என்று ‘டஸ்’ஸை நகர்த்துவார்கள். ‘டஸ்’ வேண்டாம் என்று தெரிந்தவர்கள் அதை வெட்டிவிட்டு “வாட் டைம் த டிரெயின் லீவ்” என்று விடுவார்கள். கடைசி ஆள் சரிக்கு மிக அருகில் வந்திருக்கிறார், ஆனால் ஓர் ‘ஸ்’ குறைகிறது.

பதிலிலிருந்து வந்தால் இந்தச் சிக்கலே எழாது. “த டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்.” ‘அட் சிக்ஸ்’ போய்விட, ‘வாட் டைம்’ முன்னால் வர, “வாட் டைம் த டிரெயின் லீவ்ஸ்.” ‘டஸ்’ எங்கே போனது என்று நீங்கள் யோசிக்கவே இல்லை. பதிலில் அது இல்லை, அதனால் இங்கேயும் இல்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இஸ், ஆர், வாஸ், வில், கேன், ஹேவ்’ போன்ற சில சொற்களுக்கு மட்டுமே எழுவாயைத் தாண்டி முன்னால் போகும் உரிமை உண்டு. ‘லீவ்’, ‘கோ’, ‘காஸ்ட்’ போன்ற சாதாரண வினைகள் இன்றைய ஆங்கிலத்தில் அப்படித் தாண்டுவதில்லை. கேள்விக்கோ இடமாற்றம் கட்டாயம். அதனால் முன்னால் போய் நிற்பதற்கென்றே ‘டூ’ அழைக்கப்படுகிறது. அது வரும்போது ‘லீவ்ஸ்’ என்பதில் இருந்த ‘ஸ்’ஸையும், ‘வென்ட்’ என்பதில் இருந்த இறந்தகாலத்தையும் தன்மேல் எடுத்துக்கொள்கிறது. ‘டஸ்... லீவ்’, ‘டிட்... கோ’ என்று வினை வெறுமையாக நிற்பது அதனால்தான். உள்ளே நுழையும் வாக்கியத்தில் இடமாற்றம் தேவையில்லை, ஆகவே ‘டூ’ தேவையில்லை, ஆகவே ‘ஸ்’ஸும் காலமும் வினைக்கே திரும்பிவிடுகின்றன. “வேர் டிட் ஹி கோ?” என்பது “ஐ டோன்ட் நோ வேர் ஹி வென்ட்” ஆகிறது. “ஹவ் மச் டஸ் இட் காஸ்ட்?” என்பது “ஐ வில் ஆஸ்க் ஹவ் மச் இட் காஸ்ட்ஸ்” ஆகிறது.

எதிர்மறையில் மட்டும் ‘டிட்’ நிலைத்து நிற்கும். “வை டிட்ன்ட் ஹி கம்?” என்பது “வை ஹி டிட்ன்ட் கம்” ஆகும். இதற்குத் தனி விதி தேவையில்லை. “ஹி டிட்ன்ட் கம் பிகாஸ் ஆஃப் த ரெயின்” என்ற பதிலிலேயே ‘டிட்ன்ட்’ இருக்கிறது. பதிலில் இருப்பது இங்கேயும் இருக்கும்.

‘ஹவ் ஃபார்’, ‘ஹவ் மெனி பாக்ஸஸ்’, ‘விச் பிளாட்ஃபார்ம்’ போன்றவற்றில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவை சேர்ந்தே முன்னால் வர வேண்டும். “த ஸ்டேஷன் இஸ் டூ கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் ஹியர்” என்ற பதிலில் ‘டூ கிலோமீட்டர்ஸ்’ என்ற இடத்துக்கு உரியது ‘ஹவ் ஃபார்’ என்ற முழுத்தொடர். “ஹவ் ஃபார் த ஸ்டேஷன் இஸ் ஃப்ரம் ஹியர்.” ‘ஹவ்’ மட்டும் முன்னால் போய் ‘ஃபார்’ பின்தங்கி, “ஹவ் த ஸ்டேஷன் இஸ் ஃபார்” என்று ஆகக் கூடாது.

வரிசை மாறவே மாறாத கேள்விகளும் உண்டு. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான். “ஹூ டோல்ட் யூ?” என்பதை “ஐ நோ” என்பதற்குப் பின்னால் கொண்டுபோனால் “ஐ நோ ஹூ டோல்ட் யூ” என்றுதான் வரும். “வாட் ஹேப்பன்ட்?” என்பதும் “டூ யூ நோ வாட் ஹேப்பன்ட்” என்றுதான் வரும். ஏன் என்று பதிலைக் கேளுங்கள். “ரவி டோல்ட் மீ.” தெரியாத பகுதி ‘ரவி’. அவரே எழுவாய், வாக்கியத்தின் முதலிலேயே இருக்கிறார். அவர் இடத்தில் ‘ஹூ’ வைத்தால் அது ஏற்கெனவே முன்னால்தான் நிற்கிறது. கேள்வியாக இருந்தபோதும் இங்கே எதுவும் எதையும் தாண்டவில்லை, ‘டிட்’டும் வரவில்லை. தாண்டாதது திரும்பி வர வேண்டியதுமில்லை. “விச் பஸ் கோஸ் டு தாம்பரம்?” என்பதும் இதே வகை. “கேன் யூ டெல் மீ விச் பஸ் கோஸ் டு தாம்பரம்?” என்று அப்படியே சேர்த்துவிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு வகை உண்டு. “ஹூ இஸ் த மேனேஜர்?” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். “குமார் இஸ் த மேனேஜர்” என்றும் பதில் சொல்லலாம், “த மேனேஜர் இஸ் குமார்” என்றும் சொல்லலாம். முதல் பதிலிலிருந்து ‘ஹூ இஸ் த மேனேஜர்’ வரும், இரண்டாவதிலிருந்து ‘ஹூ த மேனேஜர் இஸ்’ வரும். “ஐ டோன்ட் நோ ஹூ இஸ் த மேனேஜர்” என்று தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்களும் தவறு செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அங்கே ‘ஹூ’ எழுவாயாக நிற்கிறது. ‘வேர்’ விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் ‘நியர் த டெம்பிள்’ எழுவாய் இல்லை. ‘ஹி, ஷி, இட், தே’ வந்தாலும் சலுகை இல்லை. “டூ யூ நோ ஹூ இஸ் ஹி” என்பது எப்போதும் தவறு, “ஹூ ஹி இஸ்” மட்டுமே சரி. தேர்விலோ மெயிலிலோ சந்தேகம் வந்தால் ‘ஹூ த மேனேஜர் இஸ்’ என்றே எழுதுங்கள், அதை யாரும் திருத்த மாட்டார்கள்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் வினாச்சொல்லே கிடையாது. தமிழில் வினையோடு ஓர் ‘ஆ’ சேர்க்கிறோம்: “ஸ்டேஷன் திறந்திருக்கா?” உள்ளே கொண்டுபோகும்போதும் “திறந்திருக்கான்னு பாரு” என்று அந்த ‘ஆ’ கூடவே வருகிறது. ஆங்கிலத்தில் ‘இஸ்’ முன்னால் வருவது மட்டுமே இந்தக் கேள்வியின் அடையாளம். உள்ளே போகும்போது அதையும் பழைய இடத்துக்கு அனுப்பிவிட்டால், இது ஐயம் என்று காட்ட எதுவும் மிஞ்சாது. அந்தக் குறையை நிரப்பத்தான் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ வருகிறது. “சீ இஃப் த ஸ்டேஷன் இஸ் ஓப்பன்.” நம் ‘ஆ’வின் வேலையை ‘இஃப்’ செய்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும். பேச்சில் ‘இஃப்’ அதிகம், எழுத்தில் ‘வெதர்’ அதிகம். ‘ஆன்’, ‘அபவுட்’ போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின்னால் மட்டும் ‘வெதர்’ கட்டாயம்: “இட் டிபென்ட்ஸ் ஆன் வெதர் த ஸ்டேஷன் இஸ் ஓப்பன்.”

உங்கள் ஆபீஸ் மெயில் விஷயத்துக்கு வருகிறேன். சரக்கு அனுப்புகிற ஒருவருக்கு எழுதும் மெயில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“ப்ளீஸ் லெட் மீ நோ வென் வில் யூ சென்ட் த இன்வாய்ஸ். ஆல்சோ கன்ஃபர்ம் டிட் யூ ரிசீவ் த அட்வான்ஸ். வி நீட் டு நோ ஹவ் மெனி பாக்ஸஸ் டஸ் த லாரி கேரி. மை மேனேஜர் ஈஸ் ஆஸ்கிங் ஹூ சைன்ட் த பில்?”

முதல் வாக்கியம். “யூ வில் சென்ட் த இன்வாய்ஸ் ஆன் மண்டே” என்று ஒரு பதிலை மனதில் வைத்துக்கொள்கிறோம். அவர் பதில் எழுதினால் ‘வி வில்’ என்றுதான் எழுதுவார், ஆனால் வாக்கியம் நம்முடையது என்பதால் ‘யூ’ என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஆன் மண்டே’ போய் ‘வென்’ முன்னால் வருகிறது: “லெட் மீ நோ வென் யூ வில் சென்ட் த இன்வாய்ஸ்.” இடம் மாறியது ‘வில்’ ஒன்றுதான். இந்த ‘வென் வில் யூ’தான் நம் ஊர் மெயில்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. தொடக்கத்தில் ‘ப்ளீஸ் லெட் மீ நோ’ என்று மரியாதையாக வந்துவிட்டு, பின்பாதியில் நேரடியாக அதட்டிக் கேட்பது போன்ற தொனி வருவதும் இதனால்தான்.

இரண்டாவதில் வினாச்சொல் இல்லை. ‘டிட்’ வெளியேற வேண்டும், ‘வெதர்’ உள்ளே வர வேண்டும், இறந்தகாலம் ‘ரிசீவ்’ மேல் ஏற வேண்டும்: “ஆல்சோ கன்ஃபர்ம் வெதர் யூ ரிசீவ்ட் த அட்வான்ஸ்.” மூன்று வேலைகள் போலத் தெரிந்தாலும் “யூ ரிசீவ்ட் த அட்வான்ஸ்” என்ற சாதாரண வாக்கியத்துக்கு முன்னால் ‘வெதர்’ வைத்ததுதான் நடந்தது.

மூன்றாவதில் “த லாரி கேரீஸ் ஃபிஃப்டி பாக்ஸஸ்” என்பது பதில். ‘ஃபிஃப்டி பாக்ஸஸ்’ என்ற இடத்தில் ‘ஹவ் மெனி பாக்ஸஸ்’ வந்து, அது முழுவதும் முன்னால் போகிறது: “வி நீட் டு நோ ஹவ் மெனி பாக்ஸஸ் த லாரி கேரீஸ்.” மூல வாக்கியத்தில் ‘கேரி’ என்றிருந்தது ‘கேரீஸ்’ ஆகியிருப்பதைக் கவனியுங்கள்.

நான்காவதில் வரிசை சரி. ‘ஹூ’ எழுவாய், தொட வேண்டாம். “ஹூ த பில் சைன்ட்” என்று மாற்றினால் பில்லே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அங்கே மாற வேண்டியது கேள்விக்குறி மட்டும். மேனேஜர் கேட்கிறார் என்று தகவல் சொல்லும் வாக்கியம் அது, முற்றுப்புள்ளி போதும்.

இந்த விதியைப் புதிதாகக் கற்றவர்கள் சிலர் அதை நேரடிக் கேள்விக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள். “வேர் யூ ஆர் கோயிங்?”, “வென் யூ வில் கம்?” என்று கேட்பது நம்மிடையே முன்பிருந்தே இருக்கும் பழக்கம்தான். தமிழில் வரிசை மாறாததால் வருவது. உள் வாக்கியத்தில் இடமாற்றம் கூடாது என்று படித்தபின் அது இன்னும் உறுதியாகிவிடும் ஆபத்து உண்டு. வெளியே எந்த வாக்கியமும் இல்லாமல் நேராகக் கேட்டால் இடமாற்றம் கட்டாயம்: “வேர் ஆர் யூ கோயிங்?” கேட்கும் வேலையைச் செய்ய அங்கே வேறு எதுவும் இல்லை.

உச்சரிப்பிலும் எழுத்திலும் ஒரு சின்ன விஷயம். ‘வேர் இட் இஸ்’ என்று முடியும்போது ‘இட் இஸ்’ என்பதை ‘இட்ஸ்’ என்று சுருக்கக் கூடாது. “ஐ நோ வேர் இட்ஸ்” என்று யாரும் சொல்வதில்லை. ‘இஸ்’ஸுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ‘நியர் த டெம்பிள்’ வெளியேறி வெற்றிடமாக இருக்கிறது. அந்த வெற்றிடத்துக்கு முன்னால் நிற்கும் ‘இஸ்’ முழுதாக ஒலிக்க வேண்டும். “இட்ஸ் நியர் த டெம்பிள்” என்று பின்னால் சொல் இருந்தால் சுருக்கலாம்.

‘திங்க்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை சொன்னதை அப்படியே போட்டால் அங்கே தவறாகும். “டூ யூ நோ வேர் த ஸ்டேஷன் இஸ்?” சரி. “டூ யூ திங்க் வேர் த ஸ்டேஷன் இஸ்?” தவறு. “வேர் டூ யூ திங்க் த ஸ்டேஷன் இஸ்?” என்பதே சரி. காரணம், எதற்குப் பதில் எதிர்பார்க்கிறோம் என்பது. ‘தெரியுமா’ என்று கேட்டால் ஆம், இல்லை என்பது முறையான பதில். ஸ்டேஷன் எங்கே என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டால் ‘ஆம்’ என்பது பதிலே ஆகாது, இடத்தைத்தான் சொல்ல வேண்டும். அதாவது இங்கே உண்மையான கேள்வி ‘எங்கே’. அதனால் ‘வேர்’ முழு வாக்கியத்தின் முதலுக்குப் போகிறது. இடமாற்றம் ‘டூ யூ’வில் நடக்கிறது. உள்ளே இருக்கும் ‘த ஸ்டேஷன் இஸ்’ இங்கேயும் நேர் வரிசையிலேயே நிற்கிறது. ‘பிலீவ்’, ‘சப்போஸ்’ ஆகியவையும் இப்படித்தான். “வாட் டூ யூ திங்க் த ரீசன் இஸ்?” என்பதும் இதே அமைப்பு.

கேள்வி வரிசை உள்ளேயும் அப்படியே நிற்கிற இடங்கள் உண்மையில் உண்டா? மேற்கோளில் உண்டு. “ஹி ஆஸ்க்ட், ‘வேர் இஸ் த ஸ்டேஷன்?’” என்று ஒருவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் தந்தால் மாற்றக் கூடாது. “த கொஸ்டின் இஸ், வேர் இஸ் த ஸ்டேஷன்?” என்று கால்புள்ளி போட்டு நிறுத்திக் கேட்டாலும் சரி, அதுவும் ஒருவகை மேற்கோள்தான். நம் ‘என்று’ செய்யும் வேலையை அங்கே கால்புள்ளியும் பேச்சில் விடும் இடைவெளியும் செய்கின்றன.

வட்டார வழக்கிலும் உண்டு. அயர்லாந்து ஆங்கிலத்தில் “ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் வாஸ் ஹி கோயிங்”, “ஷி ஆஸ்க்ட் வாஸ் ஐ கமிங்” என்று சொல்வது சாதாரணம். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்களே அப்படிப் பேசுகிறார்கள். ஜேம்ஸ் மெக்ளோஸ்கி என்ற மொழியியலாளர் 2006-இல் வெளியான கட்டுரையில் இந்த வழக்கை ஆராய்ந்திருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த வழக்கிலும் எல்லா வினைக்குப் பின்னாலும் இடமாற்றம் வராது என்பது. ‘ஆஸ்க்’, ‘வொண்டர்’ போன்ற, உள்ளே ஒரு கேள்வி உயிரோடு இருக்கும் வினைகளுக்குப் பின்னால் வரும். ‘ஃபவுண்ட் அவுட்’ போன்ற, பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்ட வினைகளுக்குப் பின்னால் வராது. இடமாற்றம் என்பது கேட்பதன் அடையாளம் என்று தொடக்கத்தில் சொன்னது அங்கேயும் செல்லுபடியாகிறது. எங்கே கேள்வி முடிந்துவிட்டதோ அங்கே இடமாற்றமும் நின்றுவிடுகிறது.

இந்திய ஆங்கிலத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் “ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் டஸ் ஹி ஒர்க்” போன்ற வாக்கியங்களை நம் வழக்கின் அடையாளமாகக் குறிப்பிடுவதுண்டு. ஆகவே பேச்சில் இப்படி வந்துவிட்டால் வெட்கப்பட எதுவும் இல்லை, யாருக்கும் பொருள் புரியாமல் போவதுமில்லை. தெருவில் வழி கேட்கும்போது “எக்ஸ்கியூஸ் மீ, டூ யூ நோ...” என்று தொடங்கி, சற்று நிறுத்தி, “வேர் இஸ் த ஸ்டேஷன்?” என்று புதிதாகக் கேட்டு முடித்தால் அது இரண்டு கேள்விகள், இலக்கணமும் கெடவில்லை. எழுத்தில் அந்த இடைவெளி தெரியாது. அலுவலகம், தேர்வு, விண்ணப்பக் கடிதம் ஆகியவற்றில் படிக்கிறவர் பொது வழக்கையே எதிர்பார்ப்பார், அதனால் உங்கள் மெயிலைத் திருத்தியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

எழுதிய மெயிலை அனுப்பும் முன் முழுவதையும் இலக்கணத்துக்காகப் படிக்க வேண்டியதில்லை. ‘லெட் மீ நோ’, ‘டெல் மீ’, ‘கன்ஃபர்ம்’, ‘செக்’, ‘ஆஸ்க்’, ‘நாட் ஷ்யூர்’ ஆகியவை வரும் இடங்களை மட்டும் கண்ணால் தேடுங்கள். அதற்குப் பின்னால் வினாச்சொல் வந்து, அதை ஒட்டி ‘இஸ், ஆர், வில், கேன், டஸ், டிட்’ என்று ஏதாவது நின்றால் நிறுத்துங்கள். அந்த வினாச்சொல்லே எழுவாயாக இருந்தால், “ஹூ இஸ் கமிங்” என்பது போல, விட்டுவிடலாம். இல்லையென்றால் ஒரு பொய்ப் பதிலை மனதில் சொல்லி, அதிலிருந்து அந்தப் பகுதியைப் புதிதாக எழுதுங்கள். ‘கன்ஃபர்ம்’ போன்றவற்றின் பின்னால் வினாச்சொல்லே இல்லாமல் ‘டிட்’ அல்லது ‘இஸ்’ நேராக வந்தால் அங்கே ஒரு ‘வெதர்’ விடுபட்டிருக்கிறது.